ஆளைப் பிரிப்பதா, பேச்சைப் பிரிப்பதா?

2022 நவம்பர் முதல் வாரத்தில், சில நாள் இடைவெளியில், ஒரே சிக்கலுக்கு இரண்டு நிறுவனங்கள் நேரெதிரான இரண்டு விடைகளைக் கொடுத்தன. வாட்ஸ்அப் தன் ‘கம்யூனிட்டி’ வசதியை உலகம் முழுவதும் திறந்துவிட்டது. ஒரு பள்ளிக்கோ குடியிருப்புக்கோ இருக்கும் பல சிறு குழுக்களை ஒன்றாகக் கட்டி, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்புக் குழுவைத் தருவது அது. டெலிகிராம் கொண்டுவந்தது ‘டாபிக்’. குழு ஒன்றேதான், அதற்குள் பேச்சு மட்டும் தலைப்பு வாரியாகப் பிரியும். முதலில் 200 பேருக்கு மேல் இருக்கும் குழுக்களுக்குத்தான் கொடுத்தார்கள், பிறகு அந்த வரம்பைத் தளர்த்தினார்கள்.

இரண்டு நிறுவனங்களும் தீர்க்கப் பார்த்தது ஒன்றைத்தான்: ஆள் கூடக் கூட ஒரு குழுவில் எதையும் பின்தொடர முடியாமல் போவது. ஆனால் இரண்டு வசதிகளும் வெட்டும் இடம் வேறு. சிறு குழுக்கள் ஆட்களைப் பிரிக்கின்றன. தலைப்புகள் பேச்சைப் பிரிக்கின்றன. ஒரு குழு நிரம்பி வழியும்போது நாம் அநேகமாக யோசிக்காமல் முதல் வழியை எடுத்துவிடுகிறோம். பிரிய வேண்டியது பேச்சாக இருக்கும்போதும் ஆட்களைப் பிரித்துவிடுவதால்தான், ஆறு மாதம் கழித்துப் பதினோரு குழுக்களில் ஒரே முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில், ஒற்றை ஓட்டமாகப் போகும் குழுவில் என்னதான் கெடுகிறது என்று பார்க்கலாம். மெசேஜ் எண்ணிக்கை அதிகமாவது அல்ல முக்கியமான சிக்கல். ஒரே விஷயத்தைப் பற்றி 300 மெசேஜ் வந்தாலும் படித்துவிடலாம். இரண்டு மூன்று பேச்சுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போதுதான் சிரமம். நாம் தட்டச்சு செய்யும்போது எழுவாயை விட்டுவிடுகிறோம், முந்தைய வரியை நம்பிப் பேசுகிறோம். “வந்துடுச்சா?” “இன்னும் இல்ல.” “நேத்தும் இப்படித்தான்.” இந்த மூன்று வரிகளுக்கு நடுவில் வேறொரு பேச்சு புகுந்தால், வந்தது தண்ணீர் லாரியா, மின்சாரமா, லிஃப்ட் மெக்கானிக்கா என்று யாருக்கும் தெரியாது. குறிப்பிட்ட மெசேஜைப் பிடித்துப் பதில் அனுப்பும் வசதி ஓரளவு உதவும். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் அதைச் செய்தால்தான் உதவும். அவசரத்தில் இருப்பவர் செய்யமாட்டார்.

இன்னொரு சேதம் நேரத்தில் விழுகிறது. காலையில் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தவர் இரவு எட்டு மணிக்குத்தான் போனைப் பார்க்கிறார். அதற்குள் மேலே 150 மெசேஜ் போய்விட்டது. இப்போது பதில் சொன்னால் நடக்கிற பேச்சைக் குறுக்கே வெட்டுவதாகும் என்று அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். ஒற்றை ஓட்டத்தில் பேச்சு அந்த நேரத்தில் போன் கையில் வைத்திருப்பவர்களுடையதாகிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர், வேறு நேர மண்டலத்தில் இருப்பவர், யோசித்துப் பேசுகிறவர் மூவருமே மெல்ல வெளியேறுகிறார்கள். பெயர் மட்டும் குழுவில் இருக்கும்.

இந்த நிலையில்தான் “தனி குரூப் போட்டுடலாம்” என்ற யோசனை வருகிறது. அதன் விலையைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் 240 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு லாரிதான். முதலில் ஒரே குழு. பிறகு தண்ணீருக்கு ஒன்று, லிஃப்ட்–ஜெனரேட்டர் பராமரிப்புக்கு ஒன்று, பார்க்கிங்குக்கு ஒன்று, வாங்க விற்க ஒன்று, விழாக்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, வீட்டு உரிமையாளர்களுக்கு ஒன்று, சங்க நிர்வாகிகளுக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது.

ஒரு காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. தண்ணீர் குழுவில் கேள்வி வருகிறது. அந்தக் குழுவில் இல்லாதவர் பொதுக் குழுவில் கேட்கிறார். மோட்டார் கெட்டிருக்கும் என்று நினைப்பவர் பராமரிப்புக் குழுவில் கேட்கிறார். செயலாளர் “எட்டு மணிக்கு வரும்” என்ற ஒரே பதிலை மூன்று இடத்தில் ஒட்டுகிறார். பத்து நிமிடத்தில் லாரிக்காரர் “ஒன்பது மணிக்கு வருவேன்” என்று நேரத்தை மாற்றிச் சொல்கிறார். அது இரண்டு குழுக்களுக்குப் போகிறது, மூன்றாவது விட்டுப்போகிறது. பராமரிப்புக் குழுவை மட்டும் பார்த்தவர், எட்டு மணிக்கு வரும் என்று நம்பிக் குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். மூன்று இடத்திலும் அதன்பின் பேச்சு மூன்று விதமாக வளர்கிறது. ஒன்றில் லாரிக்காரரை மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்றில் மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு மற்ற இடத்தில் என்ன முடிவானது என்று தெரியாது. மாலையில் “குரூப்பில்தான் சொன்னோமே” என்று சண்டை. சொன்னது உண்மைதான், எந்தக் குழுவில் என்பதுதான் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது, தண்ணீர், பராமரிப்பு, பொது ஆகிய மூன்று குழுக்களிலும் இருக்கும் ஆட்கள் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள். பிரித்ததால் யாரும் குறைவாகப் படிக்கவில்லை. மூன்று முறை படிக்கிறார்கள். புதிதாகக் குடிவருபவரை ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டில் கட்டாயம் விட்டுப்போகும். காலி செய்துபோனவரை ஒவ்வொன்றிலிருந்தும் நீக்க வேண்டும்; அதுவும் விட்டுப்போகும், இது கொஞ்சம் ஆபத்தானதும்கூட. வாட்ஸ்அப்பில் புதியவருக்கு அவர் சேர்வதற்கு முந்தைய பேச்சு வழக்கமாகத் தெரியாது என்பதால், போன மாதம் முடிவான விஷயத்தை அவர் மறுபடி கேட்பார். அவரைக் குறைசொல்ல முடியாது.

வாட்ஸ்அப் கம்யூனிட்டி இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதியைச் சரிசெய்கிறது. நிர்வாகி ஒரு முறை அறிவித்தால் எல்லாக் குழுக்காரர்களுக்கும் போய்விடும். லாரி நேரம் மாறியது மூன்று இடத்தில் ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் அங்கே அறிவிப்பைத் தொடங்குவது நிர்வாகிதான், மற்றவர்கள் அதற்குப் பதில் மட்டும் எழுதலாம். உறுப்பினர்கள் தாமாகக் கேட்கும் கேள்விகள் மறுபடி சிறு குழுக்களுக்குள்தான் நடக்கும், அங்கே சிதறல் அப்படியே இருக்கும்.

சரி, பேச்சைப் பிரிக்கும் வழிக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று இழை. அலுவலகங்களில் பேசிக்கொள்ளப் பயன்படும் ஸ்லாக் 2017 ஜனவரியில் கொண்டுவந்தது அந்த வகை. யாரோ ஒருவர் போட்ட மெசேஜிலிருந்து பதில்கள் ஒரு பக்கக் கிளையாகத் தொங்கும். இழைக்குப் பெயர் கிடையாது. அதன் முதல் மெசேஜே அதன் அடையாளம். அந்த மெசேஜ் “ஒரு சின்ன டவுட்” என்று இருந்தால், உள்ளே நடந்த முக்கியமான முடிவு அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் புதைந்துவிடும். இழையில் பேசியவர்களுக்கும் பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கும்தான் அறிவிப்பு போகும் என்பதால் மற்றவர்கள் பார்ப்பதில்லை. இதைச் சரிக்கட்ட, இழையில் போடும் பதிலை முதன்மைச் சேனலுக்கும் அனுப்பும் ஒரு பெட்டியை ஸ்லாக் வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் சேனலில் முன்பின் தெரியாத ஒரு ஒற்றைப் பதில் வந்து விழும். சிலர் அங்கேயே பதில் சொல்வார்கள், சிலர் இழைக்குள் போவார்கள், பேச்சு இரண்டாக உடையும். சின்னச் சின்னக் கேள்விபதிலை ஓரமாக ஒதுக்கிவைக்க இழை நல்லது. இரண்டு நாள் நீடிக்கும் விவாதத்தை அது தாங்காது என்பது என் கணிப்பு.

மற்றது பெயருள்ள தலைப்பு. இந்த முறையை முழுமையாகச் செய்திருப்பது ஸுலிப் என்ற மென்பொருள். 2012இல் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கி, 2014இல் டிராப்பாக்ஸ் வாங்கி, 2015இல் திறமூலமாக வெளியான ஒன்று. இதில் அனுப்பும் ஒவ்வொரு மெசேஜும் ஒரு சேனலுக்குள் ஒரு தலைப்பின்கீழ் போகும். மின்னஞ்சலில் பொருள் எழுதுவோமே, அதுமாதிரி சில சொற்களில் தலைப்பு. திறந்ததும் முதலில் தெரிவது எந்தத் தலைப்பில் எத்தனை படிக்காத மெசேஜ் என்ற பட்டியல். வேண்டாத தலைப்பை ஒரே தட்டலில் படித்ததாக ஒதுக்கலாம். மூன்று நாள் கழித்துப் பதில் சொன்னாலும் அது அந்தப் பேச்சின் கடைசி வரியாகவே போய் உட்காரும். யாரையும் குறுக்கே வெட்டாது.

இதன் பலன் நன்றாகத் தெரியும் ஓர் இடம், கணித நிரூபணங்களைக் கணினியில் எழுதிச் சரிபார்க்கும் லீன் என்ற மொழியைப் பயன்படுத்தும் கணிதக்காரர்களின் சமூகம். 2018 முதல் அவர்கள் பேசுவது ஸுலிப்பில்தான். 2024 செப்டம்பரில் கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார், அதைப் பற்றிய பேச்சு அங்கேதான் நடந்தது. ஒரு தொகுப்பில் ஏதோ ஒரு கணிதச் செயல் இருக்கிறது, கூட்டல் பெருக்கல் மாதிரி, ஆனால் அதற்கு எந்த விதியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செயலை அதிகபட்சம் நான்கு முறை பயன்படுத்தி எழுதக்கூடிய விதிகள் 4694. இவற்றில் எந்த விதி உண்மையானால் எந்த விதி தானாக உண்மையாகும்? ஒவ்வொரு இணைக்கும் இரண்டு திசையிலும் ஒவ்வொரு கேள்வி என்றால் மொத்தம் 2,20,28,942 கேள்விகள். தொழில்முறைக் கணிதவியலாளர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து, ஒவ்வொரு விடையையும் லீனில் சரிபார்த்து முடிக்க வேண்டும்.

பெரும்பாலான கேள்விகள் கணினி கொண்டு சீக்கிரமே தீர்ந்துவிட்டன. எஞ்சிய சில நூறுதான் மனிதர்கள் மூளையைக் கசக்க வேண்டியவை. பேச்சு எப்படி ஒழுங்காக நடந்தது என்பதற்கான பதில் இந்த இடத்தில் இருக்கிறது. விதிகளுக்கு எண் இருந்தது. பிடிவாதமாக மிஞ்சிய கேள்விகளுக்கு அந்த எண்களையே தலைப்பாக வைத்துப் பேசினார்கள். 677ஆம் விதியிலிருந்து 255ஆம் விதி வருமா என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் இடம் இருக்கும். ஒருவர் ஐரோப்பாவில் காலையில் ஒரு யோசனையை எழுதிவைப்பார். அமெரிக்காவில் இருப்பவர் அதைப் பல மணி நேரம் கழித்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று அதன் கீழேயே எழுதுவார். வேறு விதியில் வேலை செய்கிறவருக்கு இது எதுவும் தொந்தரவு இல்லை. ஆனால் வேண்டுமென்றால் எட்டிப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லோரும் ஒரே சேனலில்தான் இருக்கிறார்கள்.

இந்த எட்டிப் பார்ப்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரு விதிக்குக் கண்டுபிடித்த கட்டுமான முறை வேறொரு விதிக்கும் உதவும் என்பதை, இரண்டையும் பார்க்க முடிந்தவர்தான் சொல்ல முடியும். இதே வேலையை விதிக்கு ஒரு தனிக்குழுவாக வைத்திருந்தால், யார் எந்தக் குழுவில் பயன்படுவார் என்று முன்கூட்டியே யாராவது முடிவு செய்திருக்க வேண்டும். அது யாருக்கும் தெரியாது. முடிவற்ற தொகுப்புகளை விட்டுவிட்டு முடிவுள்ள தொகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த 677–255 கேள்வி திட்டத்தின் ஆய்வுக் கட்டுரை எழுதப்பட்டபோதும் தீராமல் நின்றது. பிறகு யாராவது புதிதாக முயல விரும்பினால், முன்பு என்னென்ன முயன்றார்கள், எங்கே நின்றது என்பது பெயரோடு ஒரே இடத்தில் கிடக்கிறது.

ஸுலிப்பில் இன்னொரு வசதி, எனக்கு இதுதான் பெரிய வேறுபாடாகத் தெரிகிறது: தவறான தலைப்பில் வந்த மெசேஜ்களை அனுமதி உள்ளவர்கள் பிறகு வேறு தலைப்புக்கு நகர்த்தலாம். பேச்சு நடுவில் திசை மாறினால், மாறிய இடத்திலிருந்து வெட்டிப் புதுத் தலைப்பாக்கலாம். தலைப்பின் பெயரையும் மாற்றலாம். அதாவது எல்லையை முன்கூட்டியே சரியாகப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு நடந்த பிறகு அது எதைப் பற்றியது என்று பார்த்துப் போட்டால் போதும். சிறு குழுக்களில் இது முடியவே முடியாது. தவறான குழுவில் வந்த இருபது மெசேஜை வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்யலாம், ஆனால் யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்ற தொடர்ச்சி உடைந்துபோகும், பழைய இடத்திலும் அது அப்படியே கிடக்கும்.

டெலிகிராம் டாபிக் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒவ்வொரு டாபிக்குக்கும் தனி அறிவிப்பு அமைப்பு உண்டு, பின் செய்து வைக்கும் மெசேஜ் தனி, படங்களும் கோப்புகளும் தனி. ஒரு டாபிக்கை அட்மின் மூடிவைக்கலாம். பேச்சு நிற்கும், படிக்கலாம். புதிதாகச் சேருபவருக்குப் பழைய பேச்சு தெரியும்படி குழுவை அமைக்கவும் முடியும். ஆனால் மெசேஜை ஒரு டாபிக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வழி இல்லை, ஃபார்வர்டுதான். ஆகவே டெலிகிராமில் தலைப்பை எப்படிப் போடுகிறோம் என்பதில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இதில்தான். நம் குடியிருப்புக்காரர்கள் டெலிகிராமுக்கு மாறினால் முதல் நாளே தண்ணீர், பராமரிப்பு, பார்க்கிங், விற்பனை, விழா என்று ஐந்து டாபிக் போடுவார்கள். இவை பழைய ஐந்து குழுக்கள்தான், இருப்பிடம் மட்டும் மாறியிருக்கிறது. பராமரிப்பு டாபிக்குக்குள் பி பிளாக் லிஃப்ட்டும் ஜெனரேட்டர் டீசலும் நான்காம் மாடிக் கசிவும் மறுபடி பின்னிக்கொள்ளும். நிரந்தரத் துறைகளைத் தலைப்பாக வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறிய ஒற்றை ஓட்டமாகிவிடுகிறது. தலைப்பு என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு விவகாரமாக இருக்க வேண்டும்: “பி பிளாக் லிஃப்ட் – கேபிள் மாற்றம்”, “பொங்கல் விழா – கலெக்‌ஷன்”, “புது லாரிக்காரர் – விலை ஒப்பீடு”. லிஃப்ட் சரியாகிவிட்டதா? கடைசியாக என்ன செலவானது, எந்தத் தேதியில் முடிந்தது என்று ஒரு வரி எழுதிப் பின் செய்து, டாபிக்கை மூடிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே லிஃப்ட் நின்றால், மெக்கானிக் யார், எவ்வளவு வாங்கினார் என்று தேட ஒரு நிமிடம் போதும். தண்ணீர் லாரி மாதிரி தினமும் வருகிற ஒன்றிரண்டுக்கு மட்டும் நிரந்தர டாபிக் இருக்கட்டும்.

இப்படிச் செய்தால் தலைப்புகள் பெருகிவிடாதா என்று கேட்கலாம். பெருகும். டெலிகிராம் கடைசியாகப் பேசப்பட்டதை மேலே வைப்பதால், ஓய்ந்தவை தாமாகக் கீழே போய்விடும். திறந்திருக்கும் தலைப்புகள் திரையில் இரண்டு முறை உருட்டினால் முடிந்துவிடும் அளவில் இருந்தால் சிரமம் இல்லை. அதற்கு யாராவது மூடிக்கொண்டே வர வேண்டும். டாபிக் தொடங்கும் அனுமதியை எல்லோருக்கும் கொடுத்தால் “ஹலோ” என்று ஒரு டாபிக் வரும். செயலாளர் ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் ஊரில் இல்லாத நாளில் எல்லாம் General டாபிக்கில் போய்க் குவியும். பிளாக்குக்கு இரண்டு பேர் என்று கொடுப்பது நடைமுறையில் ஒத்துவரும்.

General என்பது டெலிகிராமில் தானாகவே இருக்கும் டாபிக். அதை நீக்க முடியாது, மறைக்கலாம். மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்க இதுவே நல்ல அளவுகோல். இரண்டு மூன்று வாரம் கழித்தும் பெரும்பாலான பேச்சு Generalஇல்தான் நடக்கிறதென்றால், தலைப்புகள் மக்கள் பேசுவதோடு பொருந்தவில்லை, அல்லது எப்படிப் போவதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. வயதானவர்கள் பலருக்குக் குழுவைத் திறந்ததும் மெசேஜுக்குப் பதிலாக ஒரு பட்டியல் வருவது குழப்பமாக இருக்கும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகப் பார்க்கும் வசதி டெலிகிராமில் உண்டு, அதை அவர்களுக்குப் போட்டுக்கொடுக்கலாம். குழுவே சிறியது, நாளைக்கு முப்பது நாற்பது மெசேஜ்தான் என்றால் தலைப்புகளே வேண்டாம். இருக்கும் பேச்சும் அறை அறையாகப் பிரிந்து ஒன்றிலும் உயிர் இல்லாமல் போகும்.

தலைப்புகளால் முடியாத ஒன்று இருக்கிறது, அதற்குச் சிறு குழுக்கள்தான் சரி. தலைப்பு யாரையும் வெளியே நிறுத்தாது. குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லா டாபிக்கும் தெரியும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல், காவலாளி மேல் வந்த புகார், ஒப்பந்தக்காரர்களின் விலைப்புள்ளி இவையெல்லாம் நிர்வாகிகளின் தனிக்குழுவில்தான் இருக்க வேண்டும். வாக்கு உரிமையாளர்களுக்கு மட்டும் என்றால் அவர்களுக்கும் தனிக்குழு. பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேச ஓர் இடம் வேண்டுமென்றால் அது டாபிக் ஆகாது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் முழுமையான குறியாக்கம் டெலிகிராம் குழுக்களில் கிடையாது, அங்கே பேச்சு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். ரகசியம் தேவைப்படும் நிர்வாகக் குழுவை வாட்ஸ்அப்பிலேயே விட்டுவிட்டுப் பொதுப் பேச்சை மட்டும் மாற்றுவதில் தவறே இல்லை.

ஆக, எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க ஒரு மாலை நேர வேலை போதும். ஒன்பது குழுக்களின் உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு குழுவில் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள் இருக்கிறார்களோ, அவை பேச்சுக்காகப் பிரிந்தவை, ஒன்றாகச் சேரலாம். எந்தக் குழுவில் ஒருவர் இல்லாதது தற்செயல் அல்லவோ, அதாவது அவர் அங்கே இருக்கக்கூடாது என்பதற்காகவே இல்லையோ, அது ஆட்களுக்காகப் பிரிந்தது, தொடக்கூடாது. நம் ஒன்பதில் பெண்கள், உரிமையாளர்கள், நிர்வாகிகள் மூன்றும் தனியாக நிற்கும். மற்ற ஆறும் ஒரே குழுவாகும்.

மாற்றும்போது பழைய ஆறையும் ஒரே நாளில் அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றி, புதுக் குழுவின் இணைப்பைக் கடைசி மெசேஜாகப் போட்டு வைத்துவிடுங்கள். பழைய ரசீது, மெக்கானிக் எண் எல்லாம் தேடுவதற்கு அங்கேயே கிடக்கும். புது இடத்தில் முதல் வாரம் தவறான டாபிக்கில் எழுதுகிறவருக்கு யாராவது சரியான டாபிக்கில் பதில் போட்டு, பழைய இடத்தில் அந்தப் பதிலின் இணைப்பை மட்டும் விட்டுவைத்தால் போதும். “இங்கே இதைப் பேசாதீர்கள்” என்று நாலு பேர் முன்னால் சொன்னால், அவர் அடுத்த முறை செயலாளருக்குத் தனியாகத்தான் மெசேஜ் அனுப்புவார்.